முன்பக்கக் கையெழுத்தும் பின்பக்கக் கையெழுத்தும்

வங்கிக் கவுண்டரில் ஒரு காசோலை கைக்கு வந்ததும் புதிதாகப் பணியில் சேர்ந்தவரின் கண் முதலில் கணக்கு இருப்புக்குப் போகும். பணம் இருக்கிறதா, இல்லையா? அனுபவப்பட்டவர் அதைக் கடைசியில்தான் பார்ப்பார். தாளே சரியில்லை என்றால் கணக்கில் கோடி ரூபாய் இருந்தும் பயனில்லை. அவருடைய பார்வை தேதியில் தொடங்கி தொகை, கையெழுத்து என்று இறங்கும். பிறகு தாளைத் திருப்பி பின்பக்கத்தைப் பார்ப்பார். இந்த வரிசையை மாற்றாமல் வைத்துக்கொண்டால், கூட்டம் நெரிக்கும் மாதத் தொடக்கத்திலும் எதுவும் கண்ணில் தப்பாது.

தேதியில் தவறுவது பெரும்பாலும் மூன்று மாதக் கணக்குதான். முன்பு காசோலைக்கு ஆறு மாத ஆயுள் இருந்தது. 2012 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி அதை மூன்று மாதமாகக் குறைத்தது. தாளில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம் என்பது கணக்கு. கையில் வாங்கிய நாளிலிருந்து அல்ல. பலர் மூன்று மாதத்தைத் தொண்ணூறு நாள் என்று எண்ணிவிடுகிறார்கள். அது தவறு, எண்ண வேண்டியது நாட்காட்டி மாதத்தை. ஆறு மாத விதி இருந்த காலத்து வழக்கு ஒன்று 2014இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. 2005 டிசம்பர் 31 தேதியிட்ட காசோலையை 2006 ஜூன் 30 அன்று வங்கியில் போட்டிருந்தார்கள். அது காலத்துக்குள் வந்ததா என்பதுதான் கேள்வி. தாளில் உள்ள தேதியை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து நாட்காட்டி மாதங்களாக எண்ண வேண்டும், எனவே அது காலத்துக்குள் வந்ததே என்று நீதிமன்றம் சொன்னது.

கடைசி நாள்வரை காத்திருக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 2025 நவம்பர் 30 தேதியிட்ட காசோலையை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரிக்கு முப்பதாம் தேதி கிடையாது. ஆகவே மூன்று மாதம் 2026 பிப்ரவரி 28 அன்று முடிகிறது. அன்று மாதத்தின் நான்காவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. மறுநாள் ஞாயிறு. ஆக, அந்தத் தாளை வங்கியில் கொடுக்க நடைமுறையில் கடைசி நாள் பிப்ரவரி 27, வெள்ளிக்கிழமை. விடுமுறைக்காக ஒரு நாள் கூடக் கிடைக்கும் என்று நம்பி மார்ச் 2ஆம் தேதி கொண்டுவருபவர் பெரும்பாலும் திருப்புச் சீட்டோடுதான் வீடு திரும்புவார்.

ஜனவரி மாதத்துக்கென்றே ஒரு பிழை உண்டு. கை பழகிய பழைய ஆண்டையே எழுதிவிடுவார்கள். 2026 ஜனவரியில் கொடுத்த காசோலையில் 05-01-2025 என்று இருந்தால் அது ஓராண்டு பழைய தாள். எழுதியவரின் எண்ணம் கவுண்டரில் இருப்பவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் தாளில் இருப்பதைத்தான் வங்கி படிக்க வேண்டும். எழுதியவர் தேதியைத் திருத்தி, பக்கத்தில் முழுக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வெறும் இனிஷியல் போதாது. காசோலையில் கை வைத்துத் திருத்த இன்று மிஞ்சியிருக்கும் ஒரே இடம் இந்தத் தேதிதான். பெயரிலோ தொகையிலோ அடித்தல் திருத்தல் இருந்தால், பக்கத்தில் பத்துக் கையெழுத்து இருந்தாலும் படம் வழியாக நடக்கும் கிளியரிங்கில் அது செல்லாது. புதுத் தாள்தான் எழுத வேண்டும். அந்தக் கட்டுப்பாடு கிளியரிங்குக்கு மட்டும்தான். அதே கிளையின் கவுண்டரில் நேரடியாகப் பணம் கேட்டு வரும் தாளுக்கு அது பொருந்தாது. இந்த வேறுபாடு தெரியாமல் சண்டை போடும் வாடிக்கையாளரும் உண்டு, தெரியாமல் திருப்பிவிடும் ஊழியரும் உண்டு.

பின்தேதியிட்ட காசோலைக்கு அந்தத் தேதி வரும்வரை பணம் கிடையாது. அவசரப்பட்டு வங்கி கொடுத்துவிட்டால் இடர் முழுவதும் வங்கியுடையது. நடுவில் எழுதியவர் ‘பணம் கொடுக்காதே’ என்று எழுதிக் கொடுத்துவிடலாம், இறந்தும் போகலாம். தேதியே இல்லாத தாளை வங்கி திருப்பிவிடும். எழுதியவர் கையெழுத்திட்டுத் தேதியை விட்டுவைத்துக் கொடுத்திருந்தால், அதை நிரப்பிக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தாளை வைத்திருப்பவருக்குத் தருகிறது. வங்கி ஊழியர் அதைத் தாமே நிரப்பக் கூடாது. இன்னொரு வகைத் தேதி அபூர்வமாக வரும்: சைத்திரம், வைசாகம் என்று சக ஆண்டில் எழுதிய தேசிய நாட்காட்டித் தேதி. பார்த்ததும் திருப்பிவிடத் தோன்றும். ஆனால் அதை ஏற்க வேண்டும் என்பதே ரிசர்வ் வங்கியின் அறிவுரை. ஆங்கிலத் தேதி எது என்று கணக்கிட்டு, மூன்று மாதம் தாண்டவில்லை என்று உறுதி செய்துகொண்டால் போதும். சக 1948 சைத்திரம் 1 என்பது 2026 மார்ச் 22.

அடுத்தது தொகை. இங்கே சட்டம் ஒன்று சொல்கிறது, வங்கி வேறொன்று செய்கிறது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, எழுத்தில் ஒரு தொகையும் எண்ணில் வேறொரு தொகையும் இருந்தால் எழுத்தில் இருப்பதே தொகை. காரணம் எளிது: எண்ணில் ஒரு சுழியம் கூடவோ குறையவோ ஒரு நொடி போதும், எழுத்தில் அவ்வளவு சுலபமாகத் தவற முடியாது. அப்படியானால் எழுத்தில் உள்ளதைக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். கொடுக்க மாட்டார்கள். ‘எழுத்திலும் எண்ணிலும் தொகை வேறுபடுகிறது’ என்பது காசோலையைத் திருப்புவதற்கான ஏற்கப்பட்ட காரணங்களில் ஒன்று, வங்கிகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. அதில் தவறும் இல்லை. எழுதியவரின் எண்ணம் எது என்ற சந்தேகம் வந்த பிறகு அவருடைய கணக்கில் கை வைக்காமல் இருப்பதுதான் யாருக்கும் பாதுகாப்பு. 18ஆம் பிரிவு நீதிமன்றத்தில் வழக்காடும்போது உதவும், கவுண்டரில் உதவாது.

தமிழில் எழுதிய காசோலை தமிழ்நாட்டில் முழுக்கச் செல்லும். இந்தி, ஆங்கிலம், அந்தந்த மாநில மொழி மூன்றில் எதிலும் வாடிக்கையாளர் எழுதலாம். ஆனால் தமிழ் எண்ணுப் பெயரில் ஒரு கண்ணி இருக்கிறது. 90 என்றால் தொண்ணூறு, 900 என்றால் தொள்ளாயிரம், 9,000 என்றால் ஒன்பதாயிரம். பெயர் ஒரு படி மேலே தாவி நிற்கிறது. ‘ஆயிரம்’ என்று முடிவதைக் கண்டு தொள்ளாயிரத்தை ஆயிரக் கணக்கில் எண்ணிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், எழுதுகிறவர்களிலும் சரி, சரிபார்க்கிறவர்களிலும் சரி. எண்ணில் 9,900 என்றும் எழுத்தில் ‘ஒன்பதாயிரத்துத் தொண்ணூறு’ என்றும் இருந்தால் அவசரப் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உண்மையில் எழுத்தில் இருப்பது 9,090.

இன்னொரு வழக்கமான பிழை, ஒரு சொல் மாறிப்போவது. எண்ணில் 1,05,000, எழுத்தில் ‘ஒரு லட்சத்து ஐந்நூறு’. எழுதியவர் மனதில் இருந்தது ஐந்தாயிரம். தாளில் வந்தது 1,00,500. இதைப் பிடிக்க ஒரு நல்ல பழக்கம் உண்டு. எழுத்தில் உள்ளதை முதலில் படித்து, எண்ணைப் பார்க்காமலே ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு கட்டத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். எண்ணை முதலில் பார்த்துவிட்டால், எழுத்தில் இல்லாததையும் மனம் நிரப்பிப் படித்துவிடும்.

தொகையில் விட்ட இடைவெளி என்ன செய்யும் என்பதற்கு நூறாண்டு கடந்தும் வங்கிப் பாடத்தில் இடம்பெறும் லண்டன் வழக்கு ஒன்று இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் எழுத்தர், பங்குதாரர் சாப்பாட்டுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து ஒரு காசோலையைக் கையெழுத்துக்கு நீட்டினார். எண் கட்டத்தில் 2 பவுன் என்று இருந்தது, முன்னும் பின்னும் இடம் விட்டு. எழுத்துக்கான வரி காலி. பங்குதாரர் கையெழுத்திட்டார். எழுத்தர் 2க்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒரு சுழியமும் சேர்த்து 120 ஆக்கினார். எழுத்திலும் அதையே நிரப்பிப் பணத்தை எடுத்துக்கொண்டு போனார். 1918இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: அப்படி இடம் விட்டுக் கையெழுத்திட்டவரின் கவனக்குறைவுதான் மோசடிக்கு வழி செய்தது, நட்டம் அவருடையதே. எழுத்துத் தொகைக்குப் பின் ‘மட்டும்’ என்று எழுதி மிச்சத்தில் கோடு இழுக்கும் பழக்கம் காப்பது இந்த இடைவெளியைத்தான். சரிபார்ப்பவரும் எண்களுக்கிடையே உள்ள இடைவெளியையும் மையின் நிறத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஒரே வரியில் இரண்டு மை இருந்தால் நிறுத்திக் கேட்க வேண்டும்.

கையெழுத்துக்கு வந்தால் வங்கியின் பொறுப்பு முழுமையானது. காசோலை எழுதியவரின் கையெழுத்து போலி என்றால், அந்தத் தாள் வாடிக்கையாளர் தந்த ஆணையே அல்ல. அது எவ்வளவு நேர்த்தியான போலியாக இருந்தாலும் பணத்தை வங்கி தன் கையிலிருந்துதான் கொடுத்ததாகக் கொள்ளப்படும். மங்களூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குகளைப் பார்த்தவர் நிர்வாக இயக்குநரின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு, 42 காசோலைகளில் மூன்று லட்சம் ரூபாய்க்கும் மேல் எடுத்திருந்தார். வருடக்கணக்கில் பாஸ்புக்கைப் பார்த்தும் நீங்கள் வாய் திறக்கவில்லையே என்று வங்கி வாதாடியது. கனரா வங்கிக்கும் கனரா சேல்ஸ் கார்ப்பரேஷனுக்கும் நடந்த அந்த வழக்கில் 1987இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. போலிக் கையெழுத்துக்குப் பணம் கொடுக்க வங்கிக்கு அதிகாரமே கிடையாது, வாடிக்கையாளர் கவனிக்காமல் இருந்தது மட்டுமே வங்கியைக் காப்பாற்றாது என்றது.

ஆகவே திரையில் வரும் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவதைச் சடங்காகச் செய்ய முடியாது. எழுத்து வடிவம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். போலி போடுகிறவர் முதலில் கற்றுக்கொள்வதே அந்த வடிவத்தைத்தான். ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். பேனா எங்கே தொடங்கியது, எங்கே தாளைவிட்டு எழுந்தது, உயரமான எழுத்துக்கும் குட்டையான எழுத்துக்கும் உள்ள விகிதம் என்ன, கடைசி இழுப்பு மெலிந்து முடிகிறதா மொட்டையாக நிற்கிறதா? சொந்தக் கையெழுத்தை மனிதர் வேகமாகப் போடுவார். தொடக்கமும் முடிவும் மெலியும், அழுத்தம் ஏறி இறங்கும். பார்த்து வரைந்த கையெழுத்தில் கோடு முழுக்க ஒரே கனமாக இருக்கும், வளைவுகளில் சிறு நடுக்கம் தெரியும், எழ வேண்டாத இடத்தில் பேனா எழுந்திருக்கும். மாதிரியோடு மயிரிழையும் பிசகாமல் பொருந்தும் கையெழுத்தும் சந்தேகத்துக்குரியதே. எவரும் இருமுறை அப்படியே போடுவதில்லை.

இதில் நியாயம் தவறவும் வாய்ப்பு அதிகம். எண்பது வயது ஓய்வூதியரின் கை நடுங்கும். அவருடைய மாதிரி பதினைந்து ஆண்டு முன்பு வாங்கியதாக இருக்கும். நடுக்கத்தைக் கண்டதும் போலி என்று முடிவு கட்டுவது அவமதிப்பு. வங்கிப் பதிவில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்பதே முறை. தாளைக் கொண்டுவந்தவர் “இந்த நம்பருக்குப் போடுங்க சார், அய்யா பேசுவார்” என்று தரும் எண்ணுக்கு அல்ல. விசாரித்துச் சரியென்று தெரிந்தால் அவரிடம் புது மாதிரிக் கையெழுத்தை வாங்கி வைத்துவிட்டால் அடுத்த மாதமும் இதே தொல்லை இருக்காது.

கையெழுத்து ஒத்துப்போனாலும் அது போதுமா என்று பார்க்க வேண்டிய கணக்குகள் உண்டு. கூட்டுக் கணக்கில் ‘இருவரும் சேர்ந்து’ என்று இருந்தால் ஒரு கையெழுத்து செல்லாது. ‘இருவரில் ஒருவர்’ என்றால் செல்லும். கூட்டாண்மை நிறுவனத்தின் காசோலையில் நிறுவனத்தின் பெயரும் ‘பங்குதாரர்’ என்ற முத்திரையும் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் இருந்தால் அது அந்த மனிதர் தனக்காகப் போட்ட கையெழுத்துபோல் ஆகிவிடும். கையெழுத்திடும் அதிகாரம் கைமாறிய சங்கங்களில் பழைய செயலாளர் போட்ட தாள்கள் சில வாரம் வந்துகொண்டே இருக்கும்; பதிவில் எந்தத் தேதியில் மாற்றம் ஏறியது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்று ஒப்பிடுவது பெரும்பாலும் தாளை அல்ல, அதன் படத்தை. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைப் படங்கள் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கின்றன. பகலில் அனுப்பப்படுபவற்றுக்கு, எழுதியவரின் வங்கி குறித்த நேரத்துக்குள் ஏற்பதா திருப்புவதா என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். கையெழுத்தின் மேல் ரப்பர் முத்திரையைக் குத்திவிட்டால் படத்தில் இரண்டும் கலந்து எதுவும் தெரியாது. முத்திரையை வெளிர் மையில் குத்தினால் அதுவே காணாமல் போகும். பெரிய தொகைக்கு இன்னொரு துணை இருக்கிறது: ஐம்பதாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளின் தேதி, பெறுநர் பெயர், தொகை ஆகியவற்றை எழுதியவரே முன்கூட்டி வங்கிக்குத் தெரிவிக்கும் பாசிட்டிவ் பே முறை. அது 2021 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. ஐந்து லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கிகள் இதைக் கட்டாயமாக்கிக்கொள்ளலாம்.

இனி தாளைத் திருப்பலாம். பின்பக்கக் கையெழுத்தில் வங்கியின் நிலை நேர்மாறாக மாறுகிறது. புதிதாக வருவோர் மிகவும் குழம்புவதும் இங்கேதான். ஆர்டர் காசோலையில் பெறுநர் பின்பக்கம் மேலெழுதிக் கையெழுத்திட வேண்டும். அவருடைய மாதிரிக் கையெழுத்து வங்கியிடம் இல்லை. வேறு வங்கி வாடிக்கையாளராகக்கூட இருப்பார். ஆகவே அந்தக் கையெழுத்து உண்மையா என்று வங்கிக்குத் தெரிய வழியில்லை. சட்டமும் அதைக் கேட்பதில்லை. மேலெழுத்து பெறுநர் போட்டதுபோல் ஒழுங்காகத் தோன்றி, நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவின்றியும் பணம் கொடுத்திருந்தால், அது பின்னால் போலி என்று தெரிந்தாலும் 85ஆம் பிரிவு வங்கியைக் காக்கிறது. முன்பக்கப் போலிக்கு மன்னிப்பே இல்லை, பின்பக்கப் போலிக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் பின்பக்கத்தில் ஒழுங்கு பிசகியிருந்தால், கையெழுத்து நூறு சதம் உண்மையாக இருந்தும் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

அந்த ஒழுங்கு என்பது என்னவென்று ஒரு மாதிரித் தாளில் பார்க்கலாம். அரிசி ஆலை ஒன்று நெல் தரகருக்கு 48,600 ரூபாய்க்குக் காசோலை எழுதுகிறது. கிராஸ் செய்யவில்லை, ‘அல்லது கொணர்பவர்’ என்ற அச்சு வார்த்தைகளை அடித்திருக்கிறது, ஆக அது ஆர்டர் காசோலை. பெறுநர் பெயர் ‘ப. சண்முகசுந்தரன்’. தரகரின் உண்மைப் பெயர் சண்முகசுந்தரம்; ஆலைக் கணக்குப்பிள்ளை கடைசி எழுத்தில் தவறிவிட்டார். தரகர் பின்பக்கத்தில் தன் வழக்கப்படி ‘சண்முகம்’ என்று மட்டும் கையெழுத்திட்டு, அதற்கு மேலே ‘இதில் இருபதாயிரத்தை என் மைத்துனருக்குக் கொடுக்கவும்’ என்று எழுதி, மைத்துனரை வங்கிக்கு அனுப்புகிறார்.

இதில் முதல் கோளாறு பெயர். மேலெழுத்து முன்பக்கப் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், அங்கே பிழை இருந்தாலும் சரி. தரகர் முதலில் ‘ப. சண்முகசுந்தரன்’ என்று தாளில் உள்ளபடியே போட்டு, அதன் கீழ் தன் சரியான கையெழுத்தைப் போட வேண்டும். ‘சண்முகம்’ என்ற கையெழுத்து அவருடையதே என்றாலும் தாளைப் பார்ப்பவருக்கு அது வேறொருவர் பெயர். இரண்டாவது கோளாறு இன்னும் பெரியது. காசோலைத் தொகையின் ஒரு பகுதியை மட்டும் இன்னொருவருக்கு மேலெழுத முடியாது. 56ஆம் பிரிவு அதை அனுமதிப்பதில்லை. கொடுத்தால் முழுத் தொகையையும் கொடுக்க வேண்டும். கவுண்டர் ஊழியர் மைத்துனரிடம் தாளைத் திருப்பித் தந்து காரணத்தைச் சொல்ல வேண்டும். பின்பக்கத்தை ஊழியரே அடித்துத் திருத்தித் தருவதோ, ‘இங்கேயே சண்முகசுந்தரன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக்கொடுங்க’ என்று மைத்துனரைப் போடச் சொல்வதோ கூடாது. அப்படிச் செய்த நொடியில் 85ஆம் பிரிவின் பாதுகாப்பைத் தானே கைவிட்டதாகிவிடும். தரகர் நேரில் வந்து சரியாக மேலெழுதி 48,600ஐயும் தானே வாங்கிப் போகலாம். அல்லது முழுத் தொகையையும் மைத்துனர் பெயருக்கு மேலெழுதிக் கொடுக்கலாம். அப்போது மைத்துனரும் அதன் கீழே கையெழுத்திட்ட பிறகுதான் பணம்.

இருவர் பெயரில் ‘மற்றும்’ போட்டு எழுதிய காசோலைக்கு இருவரும் மேலெழுத வேண்டும். நிறுவனத்தின் பெயரில் உள்ளதற்கு நிறுவனப் பெயரும் பதவியும் சேர்ந்து வர வேண்டும். பேரர் காசோலையில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பின்பக்கம் கையெழுத்து வாங்குவது பணம் பெற்றதற்கு அடையாளமாகத்தான். அதில் பெயர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பக் கூடாது. அக்கவுண்ட் பேயீ என்று கிராஸ் செய்ததை யாருக்கு மேலெழுதினாலும் பயனில்லை, பெறுநரின் கணக்கில் மட்டுமே வரவு வைக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. விதிவிலக்காக, கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தங்கள் உறுப்பினர் பெயரில் உள்ள ஐம்பதாயிரம் ரூபாய்வரையிலான காசோலைகளைத் தங்கள் கணக்கின் வழியே வசூலிக்க வங்கிகள் இடம் தரலாம். கிராமப்புறக் கிளைகளில் இது அடிக்கடி வரும். விதி தெரியாமல் திருப்பினால் சங்கச் செயலாளர் மேலாளர் அறைக்கே வந்துவிடுவார்.

திருப்பும்போது காரணத்தைத் திருப்புச் சீட்டில் துல்லியமாகக் குறிக்க வேண்டும். வாங்கிக்கொண்டவருக்கு அந்தச் சீட்டு கிடைத்த நாளிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பணமின்றித் திரும்பிய காசோலைக்கு 138ஆம் பிரிவின் கீழ் நடவடிக்கை எடுக்க, தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுதியவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். கிடைத்ததிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். ‘கையெழுத்து வேறுபடுகிறது’ என்று திரும்பினாலும் இதே வழி உண்டு என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேண்டுமென்றே கையெழுத்தை மாற்றிப் போட்டுவிட்டுத் தப்ப முடியாது என்பதற்காக. எழுத்தும் எண்ணும் வேறுபட்டதாலோ காலாவதியாலோ திரும்பிய தாளை வைத்துக்கொண்டு அந்த வழியில் போவதைவிட, எழுதியவரிடம் அன்றே புதுத் தாள் கேட்பது வேகமானது. பழைய தாளைத் திருப்புச் சீட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்திவிட்டு, புதுத் தாள் கைக்கு வந்த பிறகுதான் பழையதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.